அடிமட்டம் உயர்கிறதா? லாக் கோப்பின் வளர்ச்சியும் மூடப்படாத பரிவர்த்தனைகளும்

எஸ்க்யூஎல் சர்வரில் லாக் கோப்பு வளர இடமில்லாமல் போனால் 9002 என்ற எண்ணுடன் ஒரு பிழை வரும். அதன் பிறகு அந்தத் தரவுத்தளத்தில் படிக்கலாம், எழுத முடியாது. பில் போடுகிற மென்பொருளுக்கோ முன்பதிவு செய்கிற தளத்துக்கோ அது முழு அடைப்புக்குச் சமம். இந்தப் பிழை திடீரென்று வருவதுபோலத் தோன்றினாலும், பெரும்பாலும் பல மணி நேரம் முன்பே தொடங்கியிருக்கும். அந்த நேரமெல்லாம் யாரும் பார்க்காமல் விட்டதற்குக் கண்காணிப்பு இல்லாதது காரணம் அல்ல. கண்காணிப்பு தவறான இடத்தில் இருந்ததே காரணம். வழக்கமாக இரண்டு அளவுகளை நம்புகிறோம். ஒன்று, டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது. மற்றொன்று, எந்தப் பரிவர்த்தனை அதிகமாக லாக் எழுதியிருக்கிறது என்பது. முதலாவது தாமதமாகச் சொல்கிறது, இரண்டாவது தவறான ஆளைக் காட்டுகிறது. பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: ஒவ்வொரு லாக் பேக்கப்பும் முடிந்தவுடன் லாக்கில் மிஞ்சி நிற்கும் அளவு, எழுதத் தொடங்கி இன்னும் முடியாத பரிவர்த்தனைகளில் மிகப் பழையது எது என்பது. இவை இரண்டும் சேர்ந்தால் டிஸ்க் நிரம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே விஷயம் தெரிந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முடியாத ஒரு பரிவர்த்தனை ஏன் லாக்கைப் பிடித்து வைக்க வேண்டும்? இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றின் லாக் முறைக்கு அடிப்படை, ஐபிஎம் நிறுவனத்தில் உருவாகி 1992-இல் வெளியான ஏரீஸ் என்ற ஆய்வு. அதன் முதன்மை ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். மாற்றத்தைத் தரவுப் பக்கம் டிஸ்க்குக்குப் போகும் முன்பே லாக்கில் எழுதிவிட வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டு, கமிட் ஆனதை மீண்டும் செய்யவும் ஆகாததைத் திருப்பவும் லாக் ஒன்றே போதும்படி அது முறையை அமைத்தது. திருப்ப வேண்டுமென்றால், அந்தப் பரிவர்த்தனையின் முதல் லாக் பதிவுவரை பின்னோக்கிப் போக முடிய வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரின் லாக் கோப்பு உள்ளுக்குள் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, கடைசித் துண்டு நிரம்பியதும் முதல் துண்டுக்குத் திரும்பி வட்டமாகப் பயன்படுத்தப்படுகிறது. ஒரு துண்டை மறுபடி எழுத விடுவிக்க வேண்டுமானால், அதிலுள்ள எந்தப் பதிவும் இனி யாருக்கும் தேவைப்படக் கூடாது. முடியாத பரிவர்த்தனை ஒன்றின் முதல் பதிவு ஒரு துண்டில் இருந்தால், அந்தத் துண்டு மட்டுமல்ல, அதற்குப் பின் எழுதப்பட்ட எல்லாத் துண்டுகளும் பிடிபட்டு நிற்கும். அவற்றில் உள்ள பதிவுகளில் பெரும்பங்கு வேறு பயனர்களுடையவை, எப்போதோ கமிட் ஆனவை என்பது இங்கே கணக்கில் வராது. லாக்கை நடுவிலிருந்து வெட்ட முடியாது, பழைய முனையிலிருந்துதான் வெட்ட முடியும்.

இதிலிருந்து அளக்கும் முறை தானாகவே வருகிறது. முழு மீட்பு முறையில் இயங்கும் தரவுத்தளத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் எடுக்கிறார்கள் என்று வைப்போம். ஆரோக்கியமான நாளில் லாக்கின் பயன்பாட்டை வரைபடமாக்கினால் ரம்பப் பல்போல இருக்கும்: ஏறும், பேக்கப் முடிந்ததும் கிட்டத்தட்டத் தரைக்கு இறங்கும், மறுபடி ஏறும். உச்சம் எவ்வளவு என்பது அந்த நேரத்தின் வேலைப்பளுவைச் சொல்கிறது. அது நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும், அதனால் எச்சரிக்கைக்கு உதவாது. அடிமட்டம் அப்படி மாறுவதில்லை. எதுவும் லாக்கைப் பிடிக்காதவரை அது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும். பரிவர்த்தனை ஒன்று திறந்தே கிடந்தால், பேக்கப் வழக்கம்போல் ஓடும், பேக்கப் கோப்பின் அளவுகூட வழக்கம்போலவே இருக்கும், ஏனென்றால் அது முந்தைய பேக்கப்புக்குப் பின் எழுதியதை மட்டுமே பிரதி எடுக்கிறது. ஆனால் பிரதி எடுத்த பின் லாக் வெட்டப்படாது. ரம்பப் பல் போய்ப் படிக்கட்டு வரும். எனவே பேக்கப் ஜாபின் கடைசிப் படியாகவே, sys.dm_db_log_space_usage என்ற பார்வையிலிருந்து பயன்பாட்டு அளவை நேரத்தோடு ஓர் அட்டவணையில் எழுதிவைத்தால் போதும். தனியான கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்மூடித்தனமாக அளக்கும் கண்காணிப்பு மென்பொருள்கள் உச்சத்தையும் அடியையும் கலந்து சராசரியாக்கிவிடுவதால், இவ்வளவு எளிய தகவலைத் தவறவிடுகின்றன.

கணக்குக்காக ஒரு தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். லாக்குக்கென்று 100 ஜிபி டிஸ்க், அதில் முன்கூட்டியே ஒதுக்கிய 40 ஜிபி லாக் கோப்பு, பகல் வேளையில் மணிக்கு 12 ஜிபி லாக். பேக்கப்புக்குப் பேக்கப் 3 ஜிபி ஏறி, ஒரு ஜிபிக்கும் கீழே இறங்கி வருவது வழக்கம். காலை 10:07-க்கு ஒரு செஷன் பரிவர்த்தனை தொடங்கி, ஒரே ஒரு வரிசையை மாற்றிவிட்டு, கமிட் செய்யாமல் நின்றுபோகிறது. 10:15 பேக்கப் முடிந்ததும் மிஞ்சுவது 1.6 ஜிபி. கொஞ்சம் அதிகம், ஆனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 10:30-க்கு 4.6 ஜிபி. 10:45-க்கு 7.6 ஜிபி. வழக்கமான உச்சத்தையே அடிமட்டம் தாண்டிவிட்டது, அதுவும் பேக்கப்புக்கு 3 ஜிபி என்ற சீரான வேகத்தில். இதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இதே நேரத்தில் டிஸ்க் கண்காணிப்பு என்ன காட்டுகிறது? 40 சதவீதம். நேற்றும் அதுதான், போன மாதமும் அதுதான், ஏனென்றால் கோப்பு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது, உள்ளே நிரம்புவது வெளியே தெரியாது. மதியம் 1:27-க்குத்தான் 40 ஜிபி தீர்ந்து கோப்பு வளரத் தொடங்கும். 85 சதவீதத்தில் எச்சரிக்கை வைத்திருந்தால் அது மாலை 5:12-க்கு ஒலிக்கும். டிஸ்க் நிரம்புவது 6:27-க்கு. காலை 10:45-க்கே விழித்தவருக்கு ஏழே முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. டிஸ்க் எச்சரிக்கையை நம்பியவருக்கு ஒன்றேகால் மணி. இதுவும் பகல் வேகத்தில். மாலை ஐந்தரைக்கு ஓர் இண்டெக்ஸ் மறுகட்டுமானம் தொடங்கி லாக் வேகம் நான்கு மடங்கானால், மிச்சமிருக்கும் இடம் கால் மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது.

இப்போது பிடித்து வைத்திருப்பது யார் என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் இரண்டாவது தவறான அளவு குறுக்கே வருகிறது. லாக் பெருத்துவிட்டது என்றதும், அதிக லாக் எழுதியவரைத் தேடுவது இயல்பு. மேலே சொன்ன கணக்கில், குற்றவாளி எழுதியது சில நூறு பைட்டுகள் மட்டுமே. லாக் அளவின்படி வரிசைப்படுத்தினால் அது பட்டியலின் அடியில் கிடக்கும். மேலே நிற்பது, நேர்மையாக வேலை செய்து இன்னும் இரண்டு நிமிடத்தில் கமிட் ஆகப்போகும் ஏதோ ஓர் இறக்குமதி வேலையாக இருக்கும். அதைக் கொன்றால் நல்ல வேலை வீணாகும், லாக் ஓர் அங்குலமும் நகராது. எனவே வரிசைப்படுத்த வேண்டியது எப்போது எழுதத் தொடங்கியது என்பதை வைத்து:

```sql
SELECT st.session_id, s.status, s.host_name, s.program_name,
       dt.database_transaction_begin_time,
       dt.database_transaction_log_bytes_used,
       s.last_request_end_time
FROM sys.dm_tran_database_transactions AS dt
LEFT JOIN sys.dm_tran_session_transactions AS st
  ON st.transaction_id = dt.transaction_id
LEFT JOIN sys.dm_exec_sessions AS s
  ON s.session_id = st.session_id
WHERE dt.database_id = DB_ID()
  AND dt.database_transaction_begin_lsn IS NOT NULL
ORDER BY dt.database_transaction_begin_lsn;
```

முதல் வரியில் வருவதே பழைய முனை. WHERE பகுதியிலுள்ள கடைசி நிபந்தனை காரணத்தோடு வைக்கப்பட்டது: பரிவர்த்தனை தொடங்கி வெறுமனே படித்துக்கொண்டிருக்கும் செஷன் லாக்கில் எதுவும் எழுதாது, அதனால் லாக்கைப் பிடிக்கவும் பிடிக்காது. அறிக்கை ஒன்றைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரை இந்தக் குற்றத்துக்காகத் துரத்த வேண்டாம். அதேபோல் இரண்டு இணைப்புகளும் LEFT JOIN ஆக இருப்பதற்கும் காரணம் உண்டு. பல சர்வர்களுக்குக் குறுக்கே நடக்கும் பரிவர்த்தனை பாதியில் அறுந்தால், அதற்கு உரிய செஷனே இல்லாமல் அது அனாதையாக நிற்கக்கூடும். சாதாரண இணைப்பில் அந்த வரி காணாமல் போய்விடும். இன்னொரு பொறி, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைப் பட்டியலிடும் sys.dm_exec_requests. பலருடைய கை பழக்கத்தில் முதலில் அங்கேதான் போகிறது. நம் குற்றவாளியோ எதையும் ஓட்டவில்லை. அதன் status என்ற இடத்தில் sleeping என்றிருக்கும். தூங்குபவர்கள் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

எதையும் ஓட்டாமல் பரிவர்த்தனையை மட்டும் திறந்து வைத்திருக்கும் செஷன் எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால், இந்த நிலை எவ்வளவு சாதாரணமானது என்பது புரியும். டாட் நெட் செயலிகளில் ஒரு கட்டளைக்கான காத்திருப்பு நேரம், மாற்றாவிட்டால், 30 விநாடி. அது கடந்ததும் கிளையண்ட் சர்வரிடம் ‘நிறுத்து’ என்று சொல்கிறது. சர்வர் கட்டளையை நிறுத்துகிறது. பரிவர்த்தனையை நிறுத்துவதில்லை, XACT_ABORT என்ற அமைப்பு ON ஆக இருந்தால் ஒழிய. ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் BEGIN TRAN சொல்லி, முதல் மாற்றத்தை முடித்து, இரண்டாவதில் பூட்டுக்காகக் காத்திருக்கும்போது நேரம் முடிந்தால், அதன் பின்னால் எழுதியிருக்கும் COMMIT, ROLLBACK இரண்டுமே ஓடாது. அதில் எழுதிய பிழைபிடிக்கும் பகுதியும் இந்த நிறுத்தத்தைப் பிடிப்பதில்லை. செயலி பிழையை எங்கோ பதிந்துவிட்டு இணைப்பைத் தொகுப்புக்குத் திருப்பித் தருகிறது. அந்த இணைப்பை வேறொருவர் எடுக்கும்போதுதான் பழைய நிலை துடைக்கப்படும். காலை நெரிசலில் அது நொடியில் நடக்கும், கூட்டம் குறைந்த வேளையில் இணைப்பு எடுக்கப்படாமலே கிடக்கலாம். ஜாவா செயலிகளில் தானாகக் கமிட் செய்வதை நிறுத்திவைத்துவிட்டுக் கமிட் சொல்ல மறப்பது இதன் இன்னொரு வடிவம். இரண்டிலும் எழுதியவர் தன் நிரல் பரிவர்த்தனையை முடித்துவிட்டதாகவே நம்புவார்.

சர்வரே காரணத்தைச் சொல்கிறதே, இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான், sys.databases பார்வையில் log_reuse_wait_desc என்ற பத்தி இருக்கிறது, அதில் ACTIVE_TRANSACTION என்று வந்தால் விஷயம் வெளிச்சம். ஆனால் அது கடைசியாக லாக்கை வெட்ட முயன்றபோது எது தடுத்தது என்பதைச் சொல்கிறதே தவிர, இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதை அல்ல. காரணங்கள் பல இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்லும். இரண்டு பேக்கப்புகளுக்கு நடுவே பார்த்தால் பெரும்பாலும் LOG_BACKUP என்றே இருக்கும். அதை நம்பிக் கூடுதலாக ஒரு பேக்கப் எடுப்பவர், அது முடிந்த பிறகுதான் உண்மையான தடையைப் பார்ப்பார். ஆகவே இந்தப் பத்தியையும் அடிமட்டத்தோடு சேர்த்து, பேக்கப் முடிந்த அதே நொடியில் பதிவது நல்லது. அப்போது இன்னொரு பயனும் கிடைக்கிறது. அடிமட்டம் உயர்வதற்கு எப்போதும் திறந்த பரிவர்த்தனைதான் காரணம் என்றில்லை. மூன்று மணி நேரம் ஓடும் முழு பேக்கப், பின்தங்கிப்போன நகல் சர்வர், படிக்கப்படாத ரெப்ளிகேஷன் ஆகியவையும் இதே படிக்கட்டைத்தான் வரையும். முழு பேக்கப் ஓடும் இரவில் வரும் படிக்கட்டு பொய் எச்சரிக்கை. அதைப் பிரித்துக்காட்ட இந்தப் பத்தி உதவுகிறது. லாக் துண்டுகள் பெரிதாக இருக்கும் கோப்பில் வெட்டுவதும் பெரிய படிகளில்தான் நடக்கும் என்பதால், ஒரு பேக்கப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று பேக்கப்புகளின் போக்கைப் பார்ப்பது அவசியம்.

எதிர்வாதங்களில் சிலவற்றுக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. பேக்கப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தாலும் பழைய முனை நகராது. எளிய மீட்பு முறைக்கு மாற்றினால் பேக்கப் தேவையில்லாமல் போகுமே தவிர, திறந்த பரிவர்த்தனை அங்கேயும் அதே அளவு லாக்கைப் பிடிக்கும். பூட்டுக்காகக் காத்திருப்பவர்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற வாதம் கொஞ்சம் வலுவானது. திறந்த பரிவர்த்தனை பூட்டையும் பிடித்திருக்கும், அந்த வரிசைக்கு யாராவது வந்தால் மாட்டிக்கொள்வார்கள், புகார் வரும். அப்படி மாட்டும்போது அது டிஸ்க் பிரச்சினையாக வளரும் முன்பே தீர்ந்தும்விடுகிறது. டிஸ்க்கை நிரப்பும்வரை உயிரோடு இருப்பவை, யாரும் தொடாத வரிசையைப் பிடித்திருப்பவைதாம். பூட்டுக் கண்காணிப்பு பிடிக்காமல் விட்டவை மட்டுமே லாக் கண்காணிப்பிடம் வந்து சேர்கின்றன.

தானாகவே கொன்றுவிடலாமே என்பது அடுத்த யோசனை. போஸ்ட்கிரெஸில் எதுவும் செய்யாமல் திறந்திருக்கும் பரிவர்த்தனைக்குக் கெடு வைக்க 9.6 பதிப்பிலிருந்தே idle_in_transaction_session_timeout என்ற அமைப்பு உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் அதற்கு நேரான ஒன்று இல்லை, ஒரு ஜாப் எழுதித்தான் செய்ய வேண்டும். எழுதினால், வயதை மட்டும் பார்த்துக் கொல்லும்படி எழுதுவது ஆபத்து. முன்பு நாம் ஒதுக்கிய அளவு இங்கே பயன்படுகிறது: பரிவர்த்தனை எழுதிய லாக்கின் அளவு, யார் குற்றவாளி என்பதைச் சொல்லாது, ஆனால் கொல்ல எவ்வளவு செலவாகும் என்பதைச் சொல்லும். சில நூறு பைட்டுகள் எழுதிவிட்டு அரை மணி நேரமாகத் தூங்கும் செஷனை KILL செய்தால் ரோல்பேக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும், அடுத்த பேக்கப்பில் லாக் தரைக்கு வந்துவிடும். நான்கு மணி நேரம் ஓடி 30 ஜிபி எழுதிய மாதக்கணக்கு முடிப்பு வேலையைக் கொன்றால் கதை வேறு. செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். திருப்புவது செய்ததைவிட அதிக நேரம் பிடிக்கலாம், திருப்புவதற்கும் லாக் எழுதப்படும், அதுவரை பழைய முனை இம்மியும் நகராது. அப்படிப்பட்ட வேலைக்கு மிஞ்சியிருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, வேறொரு டிஸ்க்கில் தற்காலிகமாக இரண்டாவது லாக் கோப்பைச் சேர்த்து அதை முடிய விடுவதே சரி. பொறுமையிழந்து சர்வரை மறுதொடக்கம் செய்பவர்கள் உண்டு. ரோல்பேக் அதனால் ரத்தாகிவிடாது, தரவுத்தளம் திறக்கும் வழியில் மீட்பு வேலையாக மறுபடி தொடங்கும்.

இந்த வாதத்தை அப்படியே மற்றத் தரவுத்தளங்களுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் பழைய வரிசைகளை அட்டவணையிலேயே வைத்திருப்பதால், திருப்புவதற்கு லாக் தேவைப்படுவதில்லை. திறந்த பரிவர்த்தனை அங்கே லாக்கை அல்ல, துப்புரவு வேலையைத் தடுத்து அட்டவணைகளை வீங்கவைக்கிறது. அங்கே லாக் டிஸ்க் நிரம்பினால் முதலில் பார்க்க வேண்டியது கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் பழைய நிலைகள் தனியான அன்டூ பகுதியில் சேர்கின்றன, வீக்கம் அங்கேதான் தெரியும். மூன்றிலும் மூலக்காரணம் ஒன்றே என்றாலும் அளவுகோலை வைக்கும் இடம் வேறு வேறு.

கடைசியாக, மிகவும் வலுவான எதிர்வாதம். 2019 பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல் சர்வரில் விரைவு மீட்பு வசதி வந்துவிட்டது. அதை இயக்கினால் திறந்த பரிவர்த்தனை இருந்தாலும் லாக் வெட்டப்படும், ரோல்பேக்கும் உடனடியாக முடியும். அஷூர் எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் அது எப்போதும் இயக்கத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் மேலே சொன்னதெல்லாம் பழங்கதையா? லாக் கோப்பைப் பொறுத்தவரை, ஆம், பெரும்பகுதி பழங்கதைதான். ஆனால் திருப்புவதற்குத் தேவையான பழைய நிலையை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும். இந்த வசதி அதை லாக்கிலிருந்து எடுத்து, தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கும் பதிப்புக் களஞ்சியத்தில் வைக்கிறது. மிகப் பழைய பரிவர்த்தனை முடியும்வரை அந்தக் களஞ்சியத்தைத் துப்புரவு செய்ய முடியாது, அது தரவுக் கோப்பு இருக்கும் டிஸ்க்கில் வளரும். அதன் வளர்ச்சி வேகமும் வேறு: லாக் எல்லா மாற்றங்களையும் சுமக்கும், களஞ்சியம் மாற்றப்பட்ட, நீக்கப்பட்ட வரிசைகளின் பழைய வடிவங்களைச் சுமக்கும். புதிதாகச் சேர்ப்பதே பெருவேலையாக இருக்கும் தரவுத்தளத்தில் இது பெரிய நிம்மதி. ஒரே வரிசைகளை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப மாற்றும் தரவுத்தளத்தில் அவ்வளவு நிம்மதி இல்லை. அங்கே sys.dm_tran_persistent_version_store_stats பார்வையில் persistent_version_store_size_kb என்ற எண்ணைப் பேக்கப்போடு இணைக்காமல் சீரான இடைவெளியில் பதிய வேண்டும், ஏனென்றால் துப்புரவு பின்னணியில் தன் போக்கில் நடக்கிறது. எழுதிய பரிவர்த்தனைகளில் யார் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு மேலே தந்த வினவலை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.